பத்து நாள் அவகாசம்: டெங்கு வந்த சட்ட மாணவி எழுதிய இரண்டு கடிதங்கள்

ஐந்தாண்டு சட்டப் படிப்பில் மூன்றாம் ஆண்டு. பாடம் நிர்வாகச் சட்டம். ஆய்வுக் கட்டுரைக்கு 20 மதிப்பெண், அதை ஒட்டிய வைவாவுக்கு 10. ஐயாயிரம் சொல் எழுத வேண்டும், அடிக்குறிப்பு அந்தக் கணக்கில் சேராது. கெடு நவம்பர் 7, வெள்ளிக்கிழமை மாலை 5 மணி. கெடு தாண்டினால் நாளுக்கு ஒரு மதிப்பெண் கழிவு என்று பாடத்திட்டத் தாளிலேயே அச்சிட்டுக் கொடுத்திருந்தேன். அந்தப் பாடத்தை நடத்தியவன் என்ற முறையில் என் கைக்கு வந்த கடிதம் இது. மாணவி யார் என்று தெரியாதபடி சில அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். கடிதம் ஆங்கிலத்தில் வந்தது. இங்கே தமிழில் தருகிறேன்.

நவம்பர் 5, இரவு பதினோரு மணிக்குச் சற்று முன் வந்த மின்னஞ்சல்:

"மதிப்பிற்குரிய ஐயா, கடந்த சில நாட்களாக எனக்கு உடல்நிலை மிகவும் மோசமாக உள்ளது. அதனால் ஆய்வுக் கட்டுரையைக் குறித்த காலத்தில் முடிக்க இயலவில்லை. தயவுகூர்ந்து எனக்குக் கூடுதல் அவகாசம் வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மருத்துவ அறிக்கைகளை இணைத்துள்ளேன். தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி."

கீழே பெயர் மட்டும். எந்த வகுப்பு, எந்தப் பாடம் என்று இல்லை. நான் அந்தப் பருவத்தில் மூன்று வகுப்புகளுக்குப் பாடம் எடுத்தேன், மூன்றிலும் கட்டுரை உண்டு. இணைப்பாகப் பதினொரு போட்டோக்கள்: ரத்தப் பரிசோதனைத் தாள்களைக் கட்டில் மேல் வைத்து செல்போனில் எடுத்தவை, இரண்டு தலைகீழாக.

பள்ளியில் எழுதிப் பழகிய லீவ் லெட்டரின் நேர் வாரிசு இந்தக் கடிதம். ஆனால் ஐந்தாம் வகுப்பு லீவ் லெட்டரில்கூட "இன்றும் நாளையும் இரண்டு நாள் விடுப்பு" என்று கணக்கு இருக்கும். இதில் அதுவும் இல்லை. சட்டம் படிக்கிற பிள்ளைகள் மூன்றாம் ஆண்டுக்குள் எத்தனையோ மனுக்களைப் பார்த்திருப்பார்கள். ஒவ்வொன்றின் கடைசியிலும் பிரேயர் என்று ஒரு பத்தி வரும், கோர்ட்டிடம் என்ன கேட்கிறோம் என்பதை அங்கேதான் எழுதுவார்கள். தங்களுக்கென்று ஒரு கடிதம் எழுதும்போது மட்டும் அந்தப் பத்தி காணாமல் போய்விடுகிறது.

மறுநாள் காலை அவளை போனில் அழைத்தேன். குரல் களைத்திருந்தது.

"எத்தனை நாள் வேணும்மா?"

"நீங்க பாத்து எவ்வளவு குடுத்தாலும் சரி சார்."

"நான் எதைப் பாத்து குடுக்குறது? காய்ச்சல் என்னைக்கு வந்துச்சுன்னே நீ எழுதலையே."

"ரிப்போர்ட்ல இருக்கு சார்."

இருந்தது, உண்மைதான். பதினொரு தாளிலும் தேதி இருந்தது. அவற்றை அடுக்கி எப்போது காய்ச்சல் தொடங்கியது, எப்போது ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள், எப்போது வீடு திரும்பினாள் என்று கதையைக் கட்டும் வேலையை வாசிப்பவர் தலையில் வைத்திருந்தாள். வக்கீல் ஒருவர் ஆவணக் கட்டை மேசையில் போட்டுவிட்டு "எல்லாம் இதில் இருக்கிறது" என்று உட்கார்ந்தால் எந்த நீதிபதியும் படிக்க மாட்டார். மூன்று கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுதி அனுப்பச் சொன்னேன். நோய் உன்னை எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை எழுத முடியாமல் வைத்தது? கட்டுரை இப்போது எந்த நிலையில் இருக்கிறது? எந்த நாள், எந்த நேரத்துக்குள் தருவாய்?

அன்று பிற்பகல் வந்தது இரண்டாவது கடிதம். பொருள் வரியில் பாடத்தின் பெயர், வகுப்பு, பதிவு எண், "நவம்பர் 7-லிருந்து நவம்பர் 17-க்குக் கெடு நீட்டிப்பு கோரிக்கை" என்று இருந்தது. உள்ளே:

"ஐயா, அக்டோபர் 29 அன்று எனக்குக் காய்ச்சல் தொடங்கியது. 31-ம் தேதி எடுத்த என்எஸ்1 பரிசோதனையில் டெங்கு உறுதியானது. நவம்பர் 1 முதல் 4 வரை உள்நோயாளியாக இருந்தேன். 11-ம் தேதி வரை ஓய்வில் இருக்கும்படி மருத்துவர் எழுதியிருக்கிறார். டிஸ்சார்ஜ் சம்மரியும் சான்றிதழும் இணைப்பில் உள்ளன.

என் கட்டுரை, டெலிகேட்டட் லெஜிஸ்லேஷன் முறையில் அரசு வகுக்கும் விதிகளைச் சட்டமன்றத்தின் முன் வைக்கும் நடைமுறை பற்றியது. காய்ச்சலுக்கு முன் முதல் இரண்டு பகுதிகளை எழுதியிருந்தேன், சுமார் 3,400 சொல். அந்த நடைமுறை குறித்த அட்லஸ் சைக்கிள் வழக்கு பற்றிய விவாதம் அதில் முடிந்துவிட்டது. மூன்றாம் பகுதிக்குச் சட்டமன்றக் குழு அறிக்கைகளைப் பார்க்க வேண்டும். அவை நூலகத்தில் அச்சுப் பிரதியாக மட்டுமே உள்ளன, வெளியே எடுத்துச் செல்ல முடியாது. ஓய்வு முடிந்து 12, 13 தேதிகளில் நூலகத்துக்குப் போய், அடுத்த இரண்டு நாளில் எழுதி, ஒரு நாளில் அடிக்குறிப்புகளைச் சரிபார்த்துவிட முடியும்.

நவம்பர் 17, திங்கள் மாலை 5 மணி வரை அவகாசம் கோருகிறேன். எழுதி முடித்த இரண்டு பகுதிகளையும் இப்போதே பார்க்க விரும்பினால் அனுப்புகிறேன். வைவா 12 முதல் 14 வரை என்று அறிவித்திருந்தீர்கள். என்னுடையதை அதற்குப் பின் வைக்க முடியுமா என்றும் கேட்டுக்கொள்கிறேன்."

இவ்வளவுதான். முதல் கடிதத்தில் இருந்த பணிவுச் சொற்களில் பாதி இதில் இல்லை, அதனால் எதுவும் குறைந்துவிடவும் இல்லை.

சட்டத்தில் இதற்கு இரண்டு தனித்தனி வாசல்கள் உண்டு. கோர்ட்டே ஒரு செயலுக்குக் கெடு குறித்திருந்தால், அதை நீட்ட சிவில் நடைமுறைச் சட்டத்தின் 148-ம் பிரிவு இடம் கொடுக்கிறது. அப்பீல் போன்றவற்றுக்குச் சட்டமே வைத்த காலவரம்பு கடந்துவிட்டால், 1963-ம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின் 5-ம் பிரிவில் போய், அந்தக் காலத்துக்குள் வர முடியாமல் போனதற்குப் போதிய காரணம் இருந்தது என்று கோர்ட்டை நம்பவைக்க வேண்டும். கோர்ட் வளாகத்தில் 'கண்டோன் டிலே' என்கிற, தாமதத்தை மன்னிக்கக் கேட்கும் மனு அதுதான். கல்லூரியிலும் இதே வேறுபாடு இருக்கிறது. கட்டுரைக் கெடு நான் வைத்தது, நானே நகர்த்தலாம். இன்டர்னல் மதிப்பெண்களைப் பதிவேற்ற நவம்பர் 21 கடைசி நாள் என்பது தேர்வுப் பிரிவு வைத்தது, அதில் எனக்கு எந்த அதிகாரமும் இல்லை. அவள் 17 என்று கேட்டதால் படிக்கவும் வைவா நடத்தவும் நான்கு நாள் மிச்சமிருந்தது. 24 என்று கேட்டிருந்தால், காரணம் எவ்வளவு உண்மையாக இருந்தாலும், நான் ஒன்றும் செய்திருக்க முடியாது. கேட்கும் முன் அடுத்த கட்டத்தின் கெடு எது என்று விசாரித்துவிட்டால், கிடைக்கக்கூடியதைக் கேட்கலாம்.

கெடுவுக்கு முன் வந்த கடிதத்துக்கும் பின் வந்த கடிதத்துக்கும் உள்ள தூரத்தை அதே வகுப்பில் இன்னொரு மாணவர் காட்டினார். அவர் கட்டுரை 12-ம் தேதி வந்தது, கடிதமும் அதோடுதான் வந்தது. நவம்பர் 5 முதல் 8 வரை வைரல் காய்ச்சல் என்று சான்றிதழ், அதில் கையெழுத்துத் தேதி 12. காய்ச்சல் பொய் என்று நான் நினைக்கவில்லை. 8-ம் தேதி வரை ஒப்புக்கொண்டேன். 9 முதல் 12 வரை? "அப்புறம் டயர்டா இருந்துச்சு சார்" என்றார். காய்ச்சல் விட்ட பின்னும் உடம்பு அசத்துவது உண்மைதான். ஆனால் 10-ம் தேதி மூட் கோர்ட் என்னும் மாதிரி வழக்குப் போட்டியின் உள்சுற்றில் நின்று வாதாடியிருந்தார். அந்த நான்கு நாளுக்கு நான்கு மதிப்பெண் கழிந்தது.

காலதாமத வழக்குகளில் உச்ச நீதிமன்றம் எங்கே தாராளமாக இருக்கிறது, எங்கே கறாராகிறது என்பதைப் பார்த்தால் இது விளங்கும். 1987-ல் அனந்த்நாக் நிலம் கையகப்படுத்தும் கலெக்டருக்கும் காதிஜிக்கும் இடையிலான வழக்கில், ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் விளக்கம் வேண்டும் என்பதை விடாப்பிடியாகப் பிடித்துக்கொள்ளக் கூடாது என்றது. அப்படியானால் ஒவ்வொரு மணிக்கும் ஒவ்வொரு விநாடிக்கும் ஏன் கேட்கக் கூடாது என்று கோர்ட்டே திருப்பிக் கேட்டது. 1998-ல் பாலகிருஷ்ணன் வழக்கு தமிழ்நாட்டிலிருந்து போனது. தாமதம் 883 நாள். தாமதத்தின் நீளம் பொருட்டல்ல, விளக்கம் ஏற்கத்தக்கதா என்பதே கேள்வி என்று சொல்லி மன்னித்தார்கள். 2013-ல் பசவராஜ் வழக்கில் ஐந்தரை ஆண்டு தாமதத்துக்குச் சொன்ன காரணம், மேல்முறையீட்டாளர்களில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்பது. சரி, மற்றவர் ஏன் வரவில்லை என்ற கேள்விக்குப் பதில் இல்லை. மன்னிப்பு கிடைக்கவில்லை.

அந்தக் கடைசிக் கேள்வி நம் மாணவிக்கும் கொஞ்சம் பொருந்தும். நவம்பர் 1 அன்று வார்டில் சேர்ந்தவள் 5-ம் தேதி இரவு வரை ஏன் ஒன்றும் சொல்லவில்லை? கேட்டேன். அறைத்தோழியிடம் சொல்லி, அவள் வகுப்புப் பிரதிநிதியிடம் சொல்லி, அது அங்கேயே நின்றுவிட்டது. இதை நான் அவளுக்கு எதிராக எடுத்துக்கொள்ளவில்லை. தட்டணு எண்ணிக்கை இறங்கிக்கொண்டிருக்கும்போது யாரும் மின்னஞ்சல் எழுத உட்கார மாட்டார்கள். ஆனாலும் அறைத்தோழியின் போனிலிருந்து "இன்னார் டெங்குவால் அட்மிட் ஆகியிருக்கிறார், கட்டுரை பற்றி டிஸ்சார்ஜ் ஆனதும் எழுதுவார்" என்று இரண்டு வரி எனக்கு நேராக வந்திருந்தால் போதும். விவரம் பின்னால் வரலாம். தேதியோடு அந்த முதல் வரி பதிவாகிவிட்டால், பிறகு வரும் கடிதம் கடைசி நேரத்தில் ஜோடித்தது என்று யாருக்கும் தோன்றாது.

இரண்டாம் கடிதத்தில் என்னை ஒப்புக்கொள்ள வைத்தது எது என்று யோசித்துப் பார்த்தேன். அக்டோபர் 29-லிருந்து நவம்பர் 7 வரை பத்து நாள் போயிற்று, 7-லிருந்து 17 வரை பத்து நாள் கேட்கிறாள் என்று கணக்கு நேராகத்தான் இருந்தது. ஆனால் என்னைப் பிடித்தது நூலக விஷயம். குழு அறிக்கைகளைப் படுக்கையிலிருந்து படிக்க முடியாது என்பது எனக்கே தெரியும், நானே அங்கே போய்ப் பார்த்தவன்தான். மூன்றாம் பகுதி ஏன் நின்றது, எத்தனை நாளில் முடியும் என்பதற்கு அது கண்ணுக்குத் தெரிகிற காரணம். அவளுக்கு மிச்சமிருந்தது தீர்ப்புகளை மட்டும் வைத்து எழுதக்கூடிய பகுதியாக இருந்திருந்தால், தரவுத்தளத்தை வீட்டிலிருந்தே திறக்கலாமே என்று கேட்டிருப்பேன், ஒருவேளை மூன்று நாள் குறைத்திருப்பேன்.

நோயைப் பற்றி எவ்வளவு எழுத வேண்டும் என்பதிலும் ஒன்று சொல்ல வேண்டும். டெங்குவில் பெரும்பாலும் முதல் சில நாள் கடும் காய்ச்சல். அது இறங்குகிற சமயம்தான் ஆபத்தான கட்டம், அப்போதுதான் ஆஸ்பத்திரியில் கண்காணிப்பார்கள். அதைத் தாண்டிய பிறகும் களைப்பு வாரக்கணக்கில் இருக்கலாம். இதைப் படிப்பவர் அறிந்திருந்தால் "4-ம் தேதியே டிஸ்சார்ஜ் ஆகிவிட்டாயே, 5-ம் தேதியிலிருந்து எழுதலாமே" என்று கேட்க மாட்டார். அறியாதவராக இருந்தால் மருத்துவர் எழுதிய "11 வரை ஓய்வு" என்ற ஒற்றை வரி அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடும். அதற்கு மேல் அவளுடைய தட்டணு எண்ணிக்கை எனக்குத் தேவையில்லை. அந்தப் பதினொரு போட்டோக்களில் நான் பார்க்க வேண்டாத பரிசோதனைகளும் இருந்தன. நோயின் பெயரைச் சொல்லவே சங்கடமாக இருக்கிற நிலைமையும் வரும். அப்போது "சிகிச்சையில் இருந்தேன், இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை எழுதும் நிலையில் இல்லை, சான்றிதழை அலுவலகத்தில் தந்திருக்கிறேன்" என்று எழுதினால் போதும். முடிவெடுப்பவருக்கு வேண்டியது தேதியும், அது வேலையைத் தடுத்த விதமும்.

சான்றிதழ் என்றாலே ஆசிரியர்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வரும், எனக்கும் வரும். கல்லூரிக்குப் பக்கத்தில் எந்தக் கிளினிக்கில் எழுதிக் கொடுப்பார்கள் என்பது விடுதி முழுக்கத் தெரிந்த விஷயம். ஆனால் இதற்கு விதி இருக்கிறது. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ம் ஆண்டு நடத்தை நெறி ஒழுங்குமுறைகளின்படி, மருத்துவர் தாம் தரும் சான்றிதழ்களுக்குப் பதிவேடு வைக்க வேண்டும், நோயாளியின் அங்க அடையாளம் ஒன்றைக் குறிக்க வேண்டும், நகலை வைத்திருக்க வேண்டும். பொய்யான சான்றிதழில் கையெழுத்திடுவது தொழில் ஒழுங்கீனம். ஆகவே நான் பார்ப்பது மூன்றைத்தான்: மருத்துவரின் பதிவு எண் இருக்கிறதா, சிகிச்சை தந்த தேதியும் கையெழுத்திட்ட தேதியும் எவ்வளவு தள்ளியிருக்கின்றன, எழுதியவர்தான் சிகிச்சை தந்தவரா. மாணவியின் சான்றிதழ் 4-ம் தேதி, அதே ஆஸ்பத்திரி, டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்த அதே மருத்துவர். விசாரிக்க எதுவுமே இல்லை.

6-ம் தேதி மாலை பதில் எழுதினேன். 17-ம் தேதி மாலை 5 மணி வரை நீட்டிப்பு, மதிப்பெண் கழிவு இல்லை. வைவா 19-ம் தேதி. ஒரு நிபந்தனை வைத்தேன்: முடித்த இரண்டு பகுதிகளையும் இருக்கிற நிலையிலேயே 7-ம் தேதி மாலை 5 மணிக்குள் அனுப்ப வேண்டும், அடிக்குறிப்பு அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை. நம்பிக்கையின்மையால் இதைக் கேட்கவில்லை. வகுப்பில் மற்றவர்கள் எல்லோரும் 7-ம் தேதி கொடுக்கிறார்கள். நாளைக்கு யாராவது "அவளுக்கு மட்டும் பத்து நாள் கூடுதலாகத் திருத்தக் கிடைத்ததே" என்று கேட்டால், நேரம் பதிவான வரைவு என் கையில் இருக்கும். முதல் இரண்டு பகுதிகளை அந்த வரைவை வைத்தே மதிப்பிட்டேன், மூன்றாவதை மட்டும் 17-ல் வந்ததை வைத்து. இதையும் பதிலிலேயே எழுதிவிட்டேன். வாய்மொழியாகச் சொன்ன நீட்டிப்பு வைவா நாளுக்குள் இரண்டு பேருக்கும் இரண்டு விதமாக நினைவிருக்கும்.

வரைவு 7-ம் தேதி பிற்பகலில் வந்தது. முழுக் கட்டுரை 16-ம் தேதி இரவே வந்துவிட்டது. மூன்றாம் பகுதி அவள் நினைத்ததைவிடச் சிறியதாக, ஆயிரத்து இருநூறு சொல்லுக்குள் அடங்கியது. குழு ஓர் அறிக்கையில், அரசு விதிகளை மேசையில் வைக்கத் தாமதித்ததற்குச் சொன்ன காரணங்களை வரிசைப்படுத்திக் கேள்வி கேட்டிருந்த இடத்தை எடுத்துக்காட்டியிருந்தாள். வைவாவில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினோம்.

அவகாசம் கிடைத்தவுடன் எல்லாம் முடிந்தது என்று அவள் நினைத்துவிட்டாள். கட்டுரை நீட்டிப்புக்கும் அட்டெண்டன்ஸுக்கும் சம்பந்தம் இல்லை. பார் கவுன்சிலின் 2008-ம் ஆண்டு சட்டக் கல்வி விதிகள் பாடத்துக்கு 70 சதவீத வருகையைக் கேட்கின்றன. இரண்டு வாரம் வராததில் அவளுக்கு ஒரு பாடத்தில் 67-க்கு இறங்கியிருந்தது. அதை மன்னிக்கும் அதிகாரம் பாட ஆசிரியருக்கு இல்லை. முதல்வருக்குத் தனி விண்ணப்பம் எழுத வேண்டும், அதில் எல்லாப் பாடங்களின் மொத்த வருகையையும் காட்ட வேண்டும். அலுவலகத்தில் அசல் சான்றிதழ் கேட்டார்கள். அசலை என்னிடம் தர எடுத்து வந்திருந்தவளிடம், எனக்கு நகல் போதும், அசலை அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள் என்று திருப்பி அனுப்பினேன்.